சங்கக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து கேட்டால் நான் எப்படி மறுக்கிறேன்

அரசுப் பள்ளியிலோ அரசு அலுவலகத்திலோ வேலை பார்ப்பவர்களுக்கு இந்த நிலைமையை விளக்கத் தேவையில்லை. பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் விண்ணப்பம் வாங்கினால் அதில் ஜாமீன்தாரர் கையெழுத்துக்கென்று இடம் இருக்கும். எங்கள் சங்கத்தில் இரண்டு பேர் போட வேண்டும், இரண்டு பேரும் சங்க உறுப்பினர்களாக இருக்க வேண்டும். அப்படியென்றால் சொந்தக்காரரிடம் போய்ப் பயனில்லை, தினமும் கூட உட்கார்ந்து சாப்பிடுகிற ஆளிடம்தான் கேட்டாக வேண்டும். அதனால்தான் இதை மறுப்பது மற்ற எதை மறுப்பதையும் விடக் கஷ்டமாக இருக்கிறது. மறுத்த மறுநாளும் அதே ஸ்டாஃப் ரூமில் அதே மேஜையில் டிபன் பாக்ஸைத் திறக்க வேண்டுமே.

நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. ஜாமீன் கையெழுத்து யாருக்கும் போடுவதில்லை என்று பல வருடங்களுக்கு முன்பே முடிவு செய்துவிட்டேன். கேட்டவர்களில் ஒருவரோடும் எனக்குப் பேச்சுவார்த்தை நின்றதில்லை. அதற்கு என் சுபாவம் காரணம் என்று நான் நினைக்கவில்லை, சொல்லும் முறைதான் காரணம். அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஏன் மறுக்கிறேன் என்பது எனக்கே தெளிவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதிரில் இருப்பவர் இரண்டாவது முறை கேட்கும்போது குரல் இறங்கிவிடும். ஜாமீன் என்பது "இவர் நல்லவர்" என்று கொடுக்கும் சான்றிதழ் என்றுதான் நம்மில் பாதிப் பேர் நினைக்கிறோம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 128ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. அவரிடம் எல்லா வழியிலும் வசூலித்துப் பார்த்துவிட்டு கடைசியாகத்தான் நம்மிடம் வருவார்கள் என்று நினைத்தால் அதுவும் கிடையாது. பீகார் வங்கி - தாமோதர் பிரசாத் வழக்கில் 1968லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். 5 லட்சம் கடன், 60 மாதத் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். அசல் மட்டும் மாதம் 8,333 ரூபாய். முதல் வருடம் எல்லாம் ஒழுங்காகப் பிடித்தமாகிறது, இன்னும் 4 லட்சம் பாக்கி. அந்த நேரத்தில் கடன் வாங்கியவர் உடம்பு சரியில்லாமல் சம்பளமில்லா விடுப்பில் போகிறார் என்றால், சம்பளப் பட்டியலில் பிடிக்க அங்கே சம்பளமே இல்லை. அவர் யாரையும் ஏமாற்றவில்லை, எங்கும் ஓடிவிடவில்லை, ஆனாலும் நோட்டீஸ் ஜாமீன்தாரருக்கு வரும். இரண்டு ஜாமீன்தாரர் இருந்தாலும் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக் கேட்க வேண்டிய கட்டாயம் கடன் கொடுத்தவருக்கு இல்லை. பொதுவாக முழுத் தொகையையும் ஒருவரிடமே கேட்கலாம். மற்றவரிடம் அவர் பங்கை வாங்குவது கட்டியவர் பாடு.

எனக்கு இந்தக் கணக்கு மனதில் இருப்பதால்தான் "உங்க மேல நம்பிக்கை இல்லை" என்ற எண்ணமே என் மறுப்பில் வருவதில்லை. நான் மறுப்பது அந்த ஆளை இல்லை, அந்த ஏற்பாட்டை. இது எனக்குள் உண்மையாக இருந்தால்தான் முகத்திலும் தெரியும்.

இனி நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பள்ளி வேதியியல் ஆசிரியை, என்னைவிட மூத்தவர். நான் மற்றவர்கள் முன்னால் டீச்சர் என்றும் தனியாக இருக்கும்போது அக்கா என்றும் கூப்பிடுவேன். என் பிரசவ விடுப்பில் என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவராகவே முன்வந்து அறிவியல் பாடத்தை முடித்துக் கொடுத்தவர். அவருடைய மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கல்லூரிக் கட்டணம், அதோடு ஒரு பழைய நகைக்கடனை மீட்பது, எல்லாம் சேர்த்து 5 லட்சம் சங்கத்தில் போடலாம் என்று இருந்தார். மதிய இடைவேளையில் எல்லோரும் இருக்கும்போது விண்ணப்பத்தை பாலிதீன் கவரிலிருந்து எடுத்து என் பக்கம் நகர்த்தி, "இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடும்மா, இன்னொண்ணு கணக்கு சார் போடறேன்னுட்டார்" என்றார்.

அந்த இடத்தில் நான் முடியாது என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நான்கு பேர் பார்க்க மறுத்தால் அவருக்கு மறுப்போடு அவமானமும் சேர்ந்துவிடும், அப்புறம் எவ்வளவு இனிமையாகப் பேசியும் பிரயோஜனம் இல்லை. "டீச்சர், சாயங்காலம் லேபுக்கு வரேன், பேசுவோம்" என்று மட்டும் சொன்னேன், விண்ணப்பத்தைக் கையில் வாங்கவில்லை. இந்தக் காகிதத்தை வாங்கி வைத்துக்கொள்வது பெரிய வம்பு. அது நம் பையில் இருக்கும் ஒவ்வொரு நாளும் அவர் கணக்கில் நாம் பாதி சம்மதம் சொல்லிவிட்டோம்.

சாயங்காலம் கடைசி மணி அடித்த பிறகு போனேன். செய்முறை வகுப்பு முடிந்து பியூரெட்டுகளைக் கழுவித் தலைகீழாக ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டிருந்தார். நலம் விசாரித்து, மகளைப் பற்றிப் பேசி, மெதுவாக விஷயத்துக்கு வருவது என்ற சுற்றுவழியெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. நாம் எதற்கு வந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியும், முகத்தைப் பார்த்தபடி காத்திருக்கிறவரை அந்த ஐந்து நிமிடம் தொங்கவிடுவது நல்லதில்லை. நான் சொன்னது இவ்வளவுதான்:

"அக்கா, ஜாமீன் கையெழுத்து நான் யாருக்கும் போடறதில்லக்கா. உங்களுக்கும் போட முடியாது. அதை இன்னைக்கே சொல்லிடணும்னுதான் வந்தேன், நீங்க வேற ஆள் பார்க்க நேரம் வேணும்ல."

இதில் மூன்று விஷயம் இருக்கிறது. யாருக்கும் இல்லை என்பது முதலில் வருகிறது, அதனால் அவர் தனியாக ஒதுக்கப்பட்டதாக நினைக்க இடமில்லை. உங்களுக்கும் முடியாது என்று தெளிவாக வருகிறது. பல பேர் இந்த இரண்டாவது பகுதியை விட்டுவிடுகிறார்கள். "நான் பொதுவா யாருக்கும் போடறதில்லக்கா..." என்று இழுத்து நிறுத்தினால், மற்றவர்களுக்குத்தானே இல்லை, நமக்குப் போடுவாள் என்றுதான் நெருக்கமானவர் எடுத்துக்கொள்வார். அது நியாயமும்கூட. மூன்றாவது, ஏன் இன்றைக்கே சொல்கிறேன் என்ற காரணம். கடன் கேட்பவருக்கு நேரம்தான் பெரிய விஷயம். சங்கத்தில் விண்ணப்பம் கொடுக்க ஒரு தேதி இருக்கும், கல்லூரியில் பணம் கட்ட ஒரு தேதி இருக்கும். "பார்க்கலாம்க்கா" என்று ஒரு வாரம் ஓட்டிவிட்டு கடைசியில் முடியாது என்றால் அவர் கோபப்படுவது மறுப்புக்காக இருக்காது, அந்த ஒரு வாரத்துக்காக இருக்கும்.

அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கேட்டார், "ஏம்மா, நான் என்ன ஓடியா போயிடப் போறேன்?"

இது எல்லோரும் கேட்கும் கேள்வி. இதற்கு ஒரே ஒருமுறை நேராகப் பதில் சொல்லிவிட வேண்டும். "உங்க மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்லக்கா. கடன் பொறுப்பை என் பேர்ல ஏத்திக்கறதில்லன்னு வச்சிருக்கேன், அவ்வளவுதான்" என்றேன். சம்பளமில்லா விடுப்பு, நோட்டீஸ் என்று மேலே சொன்ன கணக்கையெல்லாம் அவரிடம் சொல்லவே இல்லை. அது நமக்காக வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு. மகளின் கல்லூரிக் கட்டணக் கவலையில் இருக்கிறவரிடம் உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று ஆரம்பிப்பது கொடுமை. தவிர, காரணங்களை அடுக்க அடுக்க ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு பதில் இருக்கும், பேச்சு பேரமாகிவிடும்.

அடுத்து வந்ததுதான் உண்மையிலேயே கஷ்டமானது. "உன் லீவுல உன் கிளாஸை நான்தானே பார்த்தேன்" என்றார். குத்திக் காட்டவில்லை, வருத்தத்தில் சொன்னார். இந்த இடத்தில் அதுவும் இதுவும் ஒன்றா என்று கேட்டுவிட்டால் உறவு அங்கேயே முடிந்தது, ஏனென்றால் அவர் செய்த உதவியை நாம் சின்னதாக்கிவிட்டோம். நான் சொன்னேன், "ஆமாக்கா, அதை நான் மறக்கவே இல்ல. உங்களுக்கு எதுன்னாலும் நான் நிக்கணும். இந்தக் கையெழுத்து மட்டும் முடியாது." நன்றியை முழுசாக ஒத்துக்கொள்வதும் முடியாது என்பதைத் திரும்பச் சொல்வதும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். இரண்டாவது முறை சொல்லும்போது புதிதாக ஒரு காரணத்தையும் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். புதுக் காரணம் வந்தால் முதலில் சொன்னது உண்மையில்லை என்று ஆகிவிடும்.

பெண் ஆசிரியைகள் பலருக்கும் ஒரு சுலபமான வழி கையில் இருக்கிறது. "வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டார்." எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது. சம்பளம் என்னுடையது, கையெழுத்தும் என்னுடையது, மறுப்பும் என் பேரில்தான் போக வேண்டும். மானத்தை விடுங்கள், நடைமுறையிலும் அது உதவாது. "நான் வேணா அண்ணன்கிட்ட வந்து பேசறேன்" என்று ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் என்ன செய்வீர்கள்? சம்பளத்தில் ஏற்கெனவே நிறையப் பிடித்தம் என்ற சாக்கும் அப்படித்தான். ஒரே பள்ளியில் யாருக்கு எவ்வளவு கைக்கு வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

சரி, மறுத்தாயிற்று. கையைத் தட்டிவிட்டு வந்துவிடலாமா? எனக்கு மனசு கேட்காது. ஆனால் உதவி பற்றிய பேச்சை மறுப்போடு சேர்த்து எடுக்க மாட்டேன், மறுப்பு அவர் மனதில் போய் உட்கார வேண்டும். அன்றைக்கே "கையெழுத்துக்குப் பதிலா ஒரு பத்தாயிரம் தரட்டுமா" என்றால் அது அபராதம் கட்டுவது போல இருக்கும், இல்லை அங்கிருந்து இருபதாயிரத்துக்குப் பேச்சு நகரும். மறுநாளோ அதற்கு மறுநாளோ, கையெழுத்தே தேவைப்படாத வழி எதுவும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போய்ச் சொல்வேன்.

அக்காவுக்கு அப்படி இரண்டு வழி இருந்தது. அவர் 2003 ஏப்ரலுக்கு முன்பே பணியில் சேர்ந்தவர், அதனால் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு உண்டு. அதில் விதிப்படி தற்காலிக முன்பணமோ பார்ட் ஃபைனலோ எடுத்தால் அது சொந்தப் பணம், ஜாமீன்தாரர் தேவையில்லை. என்னைப் போல அதற்குப் பிறகு பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. இன்னொன்று, மகள் பேரில் கல்விக்கடன். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை சொத்து அடமானமும் வேண்டாம், வெளியாள் ஜாமீனும் வேண்டாம், பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். வங்கியில் கொஞ்சம் அலைய விடுவார்கள், உடனே பணம் வராது, அதனால் முதல் கட்டணத்துக்கு வைப்பு நிதியையும் மீதிக்குக் கல்விக்கடனையும் பார்க்கலாம் என்றேன். "வித்யாலட்சுமி தளத்துல நான் கூட உட்கார்ந்து போட்டுத் தரேன்க்கா" என்று சொன்னேன், சொன்னபடி ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் மகளோடு உட்கார்ந்து ஆவணங்களை ஸ்கேன் செய்து ஏற்றிக் கொடுத்தேன். உதவுகிறேன் என்று சொன்னால் நாள் குறித்து, போய்ச் செய்துவிட வேண்டும். ஏற்கெனவே ஒன்றை மறுத்திருக்கிறோம், சொன்ன உதவியும் வராவிட்டால் அது வெறும் வாய் வார்த்தை என்று ஆகிவிடும்.

நகைக்கடனுக்குப் பணம் வேண்டியிருந்ததால் அக்கா சங்கத்திலும் 2 லட்சம் போட்டார். கணக்கு சாரும் பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியை ஒருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கணக்கு சாரிடம் போய் ஏன் போட்டீர்கள் என்று கேட்பதும் என் வேலை இல்லை.

மறுத்த பிறகு வரும் சில நாட்கள்தான் உறவை முடிவு செய்கின்றன என்பது என் அனுபவம். அக்கா இரண்டு நாள் லேபிலேயே சாப்பிட்டார். நான் வழக்கம் போலவே இருந்தேன். காலையில் வணக்கம், மாற்று வகுப்பு நோட்டு சுற்றுக்கு வந்தால் கையெழுத்துப் போட்டு அவரிடம் நீட்டுவது, ஊறுகாய் கொண்டுபோன அன்று எப்போதும் போல அவருக்கும் ஒரு கரண்டி எடுத்து வைப்பது. திரும்பத் திரும்ப "மனசுல வச்சுக்காதீங்கக்கா" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் வருத்தத்தில் இருப்பவரே நம்மைத் தேற்ற வேண்டியதாகிவிடும். ஓடி ஓடி அவர் தேர்வுப் பணியையெல்லாம் நான் பார்க்கிறேன் என்று வாங்கிக்கொள்வதும் வேண்டாம், தப்புச் செய்தவள் மாதிரி நடந்தால் தப்புச் செய்தோம் என்றுதான் மற்றவர்களும் நினைப்பார்கள். மூன்றாம் நாள் அவராகவே டிபன் பாக்ஸோடு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். "கத்திரிக்கா காரமா இருக்கு, எடுத்துக்கோ" என்றார், எடுத்துக்கொண்டேன்.

நடுவில் வேறொரு சார், "என்ன டீச்சர், ஷூரிட்டி போட மாட்டேன்னுட்டீங்களாமே?" என்று எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தார். "அது நானும் டீச்சரும் பேசிக்கிட்டோம் சார்" என்று அதோடு விட்டேன். யார் கடன் கேட்டார், எவ்வளவு, எதற்கு என்பதெல்லாம் நம் வாயிலிருந்து வரக்கூடாது. மறுத்ததைக்கூட மறந்துவிடுவார்கள், கடன் கதையை ஊருக்குச் சொன்னதை மறக்க மாட்டார்கள்.

இப்படி மறுப்பதற்கு ஒரு விலை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். சங்கத்தில் பெரும்பாலும் நீ எனக்கு, நான் உனக்கு என்றுதான் கையெழுத்து ஓடுகிறது. யாருக்கும் போடாத நான் யாரிடமும் போய்க் கேட்கவும் முடியாது. எனக்குப் பணம் தேவைப்படும்போது நகையை வைத்து வாங்குகிறேன், இல்லையென்றால் தேவையைத் தள்ளிப்போடுகிறேன். அதே போல யாருக்கும் இல்லை என்றால் யாருக்குமே இருக்கக்கூடாது. போன வருடம் தலைமையாசிரியரே கேட்டார். மேலதிகாரி, ரகசியக் குறிப்பு, விடுப்பு எல்லாம் அவர் கையில், பயம் இருக்கத்தான் செய்தது. "சார், நான் யாருக்கும் ஜாமீன் போடறதில்ல சார். உங்களுக்கும் முடியாது, மன்னிச்சுக்கங்க" என்று எழுந்து நின்று சொன்னேன். அவர் "சரிம்மா" என்று விட்டுவிட்டார். அன்று நான் போட்டிருந்தால் அக்காவிடம் சொன்ன அத்தனையும் பொய்யாகியிருக்கும், அதுவும் அன்று மாலைக்குள் அவர் காதுக்குப் போயிருக்கும்.

நெருங்கிய ஒருவருக்குப் போடத் தயார், இவருக்குத்தான் வேண்டாம் என்று இருப்பவர்கள் தயவுசெய்து "யாருக்கும் இல்லை" என்று சொல்லாதீர்கள். "இப்போ ஒரு ஜாமீன் பொறுப்பை ஏத்துக்கற நிலைமையில நான் இல்ல, முடியாதுங்க" என்பது போதும், அது உண்மை.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் இதைப் படித்துவிட்டு சங்கத்துக்கு எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். கொடுத்து முடித்த கடனுக்கு ஜாமீன்தாரர் தானாக விலக முடியாது. கடன் வாங்கியவர் வேறு ஜாமீன்தாரரைக் கொண்டுவந்து, சங்கமும் அதை ஏற்று எழுத்தில் கொடுத்தால்தான் உண்டு.

வாட்ஸ்அப்பில் கேட்டால் அதிலேயே மறுக்காமல் "பார்த்தேன் சார், இன்னைக்கு நேர்ல பேசறேன்" என்று போட்டுவிட்டு, சொன்னபடி அன்றைக்கே போய்ப் பேசிவிடுங்கள். வேறு ஊரில் இருப்பவர் என்றால் போன் போட்டுச் சொல்லலாம், எழுத்தில் மறுப்பு வேண்டாம், திரும்பத் திரும்பப் படிக்கப் படிக்க அது கடுமையாகத் தெரியும். இந்த வாரம் யாரிடமாவது "பார்க்கலாம்" என்று சொல்லி வைத்திருந்தால், நாளை காலை முதல் மணிக்கு முன்னால் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், அன்னைக்குப் பார்க்கலாம்னு சொன்னேன், யோசிச்சுட்டேன், என்னால முடியாது. நீங்க எனக்காகக் காத்திருக்க வேண்டாம், வேற ஆள் பார்த்துக்கங்க" என்று சொல்லிவிடுங்கள்.